சமனியும் சொல்லவில்லை, நேர்மாறும் சொல்லவில்லை. ஆனாலும் அது குலம்தான்

இரட்டை எண்களைப் பெருக்கும்போது கடைசி இலக்கத்தை மட்டும் பாருங்கள். 2, 4, 6, 8 என்ற நான்கு இலக்கங்களை எடுத்துக்கொள்வோம். எந்த இரண்டைப் பெருக்கினாலும் வரும் விடையின் கடைசி இலக்கத்தையே பெருக்கற்பலன் என்று வைத்துக்கொள்வோம். 4 × 8 = 32, ஆகவே 4·8 = 2. 6 × 6 = 36, ஆகவே 6·6 = 6. முழு அட்டவணை இது:

```
 · | 2  4  6  8
---+-----------
 2 | 4  8  2  6
 4 | 8  6  4  2
 6 | 2  4  6  8
 8 | 6  2  8  4
```

இந்த நான்கும் சேர்ந்து ஒரு குலமா? பெரும்பாலோர் முதலில் தேடுவது 1ஐ. அது இந்தக் கணத்தில் இல்லை. "பெருக்கலுக்குச் சமனி 1, அது இல்லாததால் இது குலம் இல்லை" என்று எழுதிவிட்டுப் போகும் விடைத்தாள்கள் நிறைய. ஆனால் 6இன் வரிசையைப் பாருங்கள்: 2, 4, 6, 8 என்று எல்லாம் அப்படியே திரும்பி வருகின்றன. 6இன் நிரலும் அப்படித்தான். இங்கே சமனி 6. நேர்மாறுகளும் இருக்கின்றன: 2·8 = 6, 4·4 = 6. ஆக இது குலமேதான்.

6 என்ற எண் இங்கே சமனியாக வந்து நிற்பது தற்செயல் போலத் தெரியலாம். தற்செயல் இல்லை. அட்டவணையைப் போடுவதற்கு முன்பே, சமனி எது என்று தெரியாமலே, "இதில் ஒரு சமனி இருந்தே தீரும், ஒவ்வொன்றுக்கும் நேர்மாறும் இருந்தே தீரும்" என்று சொல்லிவிட முடியும். அதற்கு உதவும் தேற்றம் இது: வெற்றுக் கணமாக இல்லாத ஒரு முடிவுறு கணத்தில் ஓர் ஈருறுப்புச் செயலி இருந்து, அது சேர்ப்பு விதியை நிறைவு செய்து, இடது நீக்கல் விதியும் வலது நீக்கல் விதியும் உண்மையானால், அந்தக் கணம் ஒரு குலம்.

செயலியை ஒட்டி எழுதுவதாகவே வைத்துக்கொள்வோம். ab என்றால் aஉம் bஉம் சேர்ந்து தரும் உறுப்பு, அதுவும் அதே கணத்துக்குள்ளேயே இருக்கும். இடது நீக்கல் விதி சொல்வது: ax = ay என்றால் x = y. வலது நீக்கல் விதி சொல்வது: xa = ya என்றால் x = y. பரிமாற்று விதியை நாம் எங்கும் கேட்கவில்லை. அதனால் இரண்டு பக்கத்தையும் தனித்தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இங்கே ஒரு வழக்கத்தை மறக்க வேண்டும். பாடத்தில் குலம் முதலில் வரும், பிறகுதான் நீக்கல் விதி வரும். ax = ay என்பதன் இருபுறமும் இடமிருந்து aஇன் நேர்மாறால் பெருக்கினால் x = y என்று நிறுவுவார்கள். நாம் போவது எதிர்த்திசை. நேர்மாறு இருக்கிறதா என்பதே நமக்கு இன்னும் தெரியாது. நீக்கலாம் என்பது மட்டும்தான் கையில் இருக்கிறது. நிறுவலின் நடுவே எங்காவது "aஇன் நேர்மாறால் பெருக்க" என்று எழுதிவிட்டால் வட்டமடித்துவிட்டோம் என்று பொருள்.

நமது நான்கு இலக்கங்களுக்கு நீக்கல் விதி உண்மையா என்று அட்டவணை இல்லாமலே பார்க்கலாம். ax, ay இரண்டின் கடைசி இலக்கமும் ஒன்று என்றால் a(x − y) என்பது 10ஆல் வகுபடும், ஆகவே 5ஆல் வகுபடும். 5 பகா எண். a என்பது 2, 4, 6, 8இல் ஒன்று, 5ஆல் வகுபடாது. ஆக x − y தான் 5ஆல் வகுபட வேண்டும். இரண்டும் இரட்டை எண்கள் என்பதால் வித்தியாசம் 10ஆல் வகுபடும். ஆனால் இந்த இலக்கங்களுக்குள் மிகப் பெரிய வித்தியாசமே 6. எனவே x − y = 0. பெருக்கலில் வரிசை மாறினாலும் விடை மாறாததால் வலது நீக்கலும் அப்படியே கிடைத்துவிடுகிறது. சேர்ப்பு விதி முழு எண்களின் பெருக்கலிலிருந்து இனாமாக வருகிறது. தேற்றத்துக்கு வேண்டியது அவ்வளவுதான். 6ஐ யாரும் தேடவே இல்லை.

நீக்கல் விதி அட்டவணையில் எப்படித் தெரியும்? aஇன் வரிசையில் இருப்பவை ax என்ற வடிவிலான உறுப்புகள், x கணத்தின் எல்லா உறுப்புகளாகவும் ஓடும்போது. இடது நீக்கல் விதி என்பது அந்த வரிசையில் எந்த உறுப்பும் இருமுறை வராது என்று சொல்வதுதான். வலது நீக்கல் விதி இதையே நிரல்களுக்குச் சொல்கிறது. ஆகவே ஒரு சிறிய அட்டவணையைக் கொடுத்து நீக்கல் விதி உண்டா என்று கேட்டால் சமன்பாடு எதுவும் எழுத வேண்டாம். வரிசையிலும் நிரலிலும் ஏதாவது இரட்டிப்பு இருக்கிறதா என்று கண்ணை ஓட்டினால் போதும்.

கணம் முடிவுறு கணம் என்பது இந்த இடத்தில்தான் உள்ளே வருகிறது. கணத்தில் n உறுப்புகள் என்றால் aஇன் வரிசையில் n கட்டங்கள். அந்த n கட்டங்களிலும் வெவ்வேறு உறுப்புகள். இருப்பதே n உறுப்புகள்தான். எனவே ஒன்றுகூட விடுபட முடியாது. வரிசையில் கணத்தின் எல்லா உறுப்புகளும் சரியாக ஒருமுறை வந்துவிடும். பாடநூல் மொழியில், x இலிருந்து axக்குப் போகும் சார்பு ஒன்றுக்கு ஒன்றானது; முடிவுறு கணத்திலிருந்து அதே கணத்துக்குப் போகும் ஒன்றுக்கு ஒன்றான சார்பு மேற்சார்பாகவும் இருந்தாக வேண்டும். "இரண்டு முறை வராது" என்பது "எல்லாமே வரும்" என்று மாறிவிட்டது. இந்த மாற்றம்தான் நிறுவலுக்கு உயிர். மற்றதெல்லாம் நான்கைந்து வரிக் கணக்கு.

இதை வேறு மாதிரிச் சொன்னால்: கணத்தில் எந்த a, bஐ எடுத்தாலும் ax = b என்ற சமன்பாட்டுக்குத் தீர்வு உண்டு. நிரல்களைப் பார்த்தால் ya = b என்பதற்கும் தீர்வு உண்டு.

இனி சமனியைப் பிடிப்போம். ஏதாவது ஒரு aஐ எடுத்துக்கொள்ளுங்கள். (கணம் வெற்றுக் கணமாக இருக்கக் கூடாது என்று சொன்னது இந்த ஒரு வாக்கியத்துக்காக.) aஇன் வரிசையில் எல்லா உறுப்புகளும் வருவதால் a தானும் வரும். அது எந்த நிரலின் கீழே வருகிறதோ அந்த உறுப்புக்கு e என்று பெயரிடுவோம். அதாவது ae = a.

அவசரப்படக் கூடாத இடம் இது. e இப்போதைக்கு aக்கு மட்டும்தான், அதுவும் வலப்பக்கத்தில் மட்டும்தான், சமனி போல நடந்துகொள்கிறது. வேறொரு உறுப்பு bக்கு b பொருந்திவரும் நிரல் வேறாக இருக்கலாமே? ஆளுக்கொரு e இருந்தால் அது சமனி ஆகாது. நிறுவலை ae = a என்பதோடு நிறுத்தி "எனவே சமனி உண்டு" என்று எழுதுவதுதான் இதில் மிகவும் பரவலான பிழை.

ஒன்றின் சமனியை எல்லாருக்கும் சமனியாக்குவது சேர்ப்பு விதியின் வேலை. எந்த bஐயும் எடுங்கள். ae = a என்பதன் வலப்பக்கத்தில் bஐச் சேர்க்கலாம்:

a(eb) = (ae)b = ab

இரு முனைகளிலும் இடப்பக்கம் a நிற்கிறது. இடது நீக்கல் விதியால் அதை எடுத்துவிட்டால் eb = b. b எதுவாக வேண்டுமானாலும் இருக்கலாம் என்பதால் இடப்பக்கச் சமனியாக e எல்லா உறுப்புகளுக்கும் பொருந்திவிட்டது.

இன்னொரு பக்கம் பாக்கி. எந்த cஐயும் எடுத்து, அதன் பின்னால் ebஐ வையுங்கள்:

(ce)b = c(eb) = cb

இப்போது இரு முனைகளிலும் வலப்பக்கம் b நிற்கிறது. வலது நீக்கல் விதியால் ce = c. ஆக e இருபக்கச் சமனி. இரண்டு வரிகளிலும் சேர்ப்பு விதி ஒருமுறை, நீக்கல் விதி ஒருமுறை. முதல் வரியில் இடது, இரண்டாவதில் வலது.

நமது அட்டவணையில் இது கண்ணுக்கே தெரியும். 2இன் வரிசையில் 2 வருவது 6இன் கீழே. 4இன் வரிசையில் 4 வருவதும் 6இன் கீழே. 8க்கும் அப்படியே. எந்த வரிசையிலிருந்து தொடங்கினாலும் ஒரே நிரலில்தான் போய் நிற்போம் என்பதைத்தான் மேலே நிறுவினோம்.

நேர்மாறு இனிமேல் சுலபம். aஇன் வரிசையில் எல்லாமே வருகின்றன அல்லவா, eஉம் வரும். ax = e என்று ஒரு x கிடைக்கிறது. xa = e ஆகுமா என்பதுதான் கேள்வி; பரிமாற்று விதி இல்லாததால் சும்மா திருப்பிப்போட முடியாது. அதற்கு xaxஐ இரண்டு விதமாகப் பார்க்கலாம்:

(xa)x = x(ax) = xe = x = ex

இரு முனைகளிலும் வலப்பக்கத்து xஐ நீக்கினால் xa = e. முடிந்தது: அடைவு, சேர்ப்பு, சமனி, நேர்மாறு நான்கும் கிடைத்துவிட்டன.

இதே தேற்றத்துக்கு இன்னொரு வழி இருக்கிறது. அது சமனியும் நேர்மாறும் எங்கே இருக்கின்றன என்று கையைப் பிடித்துக் காட்டும் வழி. கணக்குப் போடுபவர்களுக்கு அதுதான் பிடிக்கும். ஒரு உறுப்பு aஐ எடுத்து அடுக்குகளை எழுதிக்கொண்டே போங்கள்: a, a², a³, … கணத்தில் n உறுப்புகள்தான் என்பதால், n + 1 அடுக்குகளை எழுதுவதற்குள் ஏதாவது இரண்டு ஒன்றாகிவிடும். புறாக்கூட்டுக் கொள்கை என்பார்களே, அதுதான். aⁱ = aʲ என்றும் i < j என்றும் வைத்துக்கொள்வோம்.

இருபுறமும் ஒவ்வொரு aஆக நீக்கிக்கொண்டே வரலாம். i − 1 முறை நீக்கியதும் இடப்பக்கம் ஒரே ஒரு a மிஞ்சும்: a = aᵈ⁺¹, இங்கே d = j − i. அந்தக் கடைசி aஐயும் நீக்கி "1 = aᵈ" என்று எழுதக் கை துறுதுறுக்கும். கூடாது. நீக்கல் விதிக்கு இருபுறமும் aஇன் பக்கத்தில் ஏதாவது ஓர் உறுப்பு இருக்க வேண்டும். தனியாக நிற்கும் aஐ நீக்கினால் அந்தப் பக்கத்தில் எழுத எதுவும் இல்லை. a·aᵈ = a என்று எழுதிக்கொண்டால் போதும். இது மேலே பார்த்த ae = a தான்; ஆகவே e = aᵈ. d > 1 என்றால் aஇன் நேர்மாறு aᵈ⁻¹, ஏனென்றால் இரண்டையும் பெருக்கினால் aᵈ. d = 1 என்றால் a தானே சமனி, அதற்கு அதுவே நேர்மாறு.

2ஐ வைத்துப் பார்ப்போம். கடைசி இலக்கங்கள் 2, 4, 8, 6, பிறகு மறுபடி 2. ஐந்தாவது அடுக்கில் தொடங்கிய இடத்துக்கே வந்துவிட்டோம், ஆகவே d = 4. சமனி நான்காவது அடுக்கு, அதாவது 6. நேர்மாறு மூன்றாவது அடுக்கு, அதாவது 8. 4இலிருந்து தொடங்கினால் 4, 6, 4 என்று சீக்கிரமே சுற்றிவிடுகிறது; d = 2, சமனி மறுபடியும் 6, நேர்மாறு 4 தானே.

நீக்கல் விதி இல்லாத இடத்தில் இந்தச் சுற்று எப்படிக் கெடுகிறது என்று பார்த்தால் விதியின் வேலை இன்னும் தெளிவாகும். 12ஆல் வகுத்த மீதிகளை (0 முதல் 11 வரை) பெருக்கலோடு எடுத்துக்கொள்ளுங்கள். முடிவுறு கணம், சேர்ப்பு விதியும் உண்டு. 2இன் அடுக்குகள்: 2, 4, 8, பிறகு 16இன் மீதி 4, பிறகு 8, மறுபடி 4. சுற்று வருகிறது, ஆனால் 2க்குத் திரும்பவே இல்லை. சுற்றுக்கு ஒரு வால் முளைத்துவிட்டது: 2 வால், 4உம் 8உம் வளையம். வால் வளையத்தோடு ஒட்டும் இடம் 4. அங்கே வர இரண்டு வழிகள்: 2·2 = 4, 8·2 = 4. ஆக 2·2 = 8·2, ஆனால் 2உம் 8உம் ஒன்றல்ல. வலது நீக்கல் விதி உடைந்த இடம் துல்லியமாக இதுதான். வால் ஒட்டும் இடத்தில் எப்போதும் இரண்டு வழிகள் வந்து சேரும். நீக்கல் விதி அதை அனுமதிக்காது. அதனால்தான் விதி இருக்கும் கணத்தில் அடுக்குகள் எப்போதும் தொடங்கிய உறுப்புக்கே திரும்பி வருகின்றன.

தேற்றத்தில் உள்ள நிபந்தனைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்காமல் இந்த நிறுவல் மனத்தில் நிற்காது.

முதலில் முடிவுறு என்பதைக் கழற்றுவோம். 1, 2, 3, … என்ற இயல் எண்களைக் கூட்டலோடு எடுங்கள். சேர்ப்பு விதி உண்டு. 3 + x = 3 + y என்றால் x = y, நீக்கலும் உண்டு. ஆனால் 3இன் வரிசையை எழுதினால் 4, 5, 6, … என்று போகிறது. இரட்டிப்பு இல்லை, ஆனாலும் 1, 2, 3 மூன்றும் விடுபட்டுவிட்டன. 3 தன் வரிசையில் தானே இல்லை என்பதால் 3 + e = 3 என்று ஒரு e கிடைக்காது; நிறுவல் முதல் அடியிலேயே நின்றுவிடுகிறது. சரி, 0ஐயும் சேர்த்துக்கொள்கிறோம் என்றால் சமனி வந்துவிடும், ஆனால் 3இன் வரிசை 3, 4, 5, … என்று தொடங்குவதால் 0 அதில் வராது, நேர்மாறு இல்லை. சமனியைக் கையால் ஊட்டினாலும் நோய் தீராது, காரணம் வேறு.

இயல் எண்களையாவது முழு எண்கள் என்ற பெரிய குலத்துக்குள் வைத்துப் பார்க்கலாம். முடிவுறாக் கணங்களில் அதற்குக்கூட உத்தரவாதம் இல்லை: சேர்ப்பு விதியும் இருபுற நீக்கல் விதியும் இருந்தும் எந்தக் குலத்துக்குள்ளும் பொருத்தவே முடியாத ஓர் அமைப்பை ரஷ்யக் கணிதவியலாளர் மால்ட்சேவ் 1937இல் கட்டிக் காட்டினார்.

அடுத்து ஒரு பக்க நீக்கலைக் கழற்றுவோம். A, B, C என்ற மூன்று உறுப்புகள்; xy = y, அதாவது இரண்டாவதாக வருவதே விடை. சேர்ப்பு விதி சரி, எப்படி அடைப்புக்குறி போட்டாலும் கடைசி உறுப்புதான் மிஞ்சும். இடது நீக்கலும் சரி: ax = ay என்பதே x = y என்றாகிவிடுகிறது. வரிசைகள் எல்லாமே A, B, C என்று முழுமையாக இருக்கின்றன. ஆனால் A நிரலில் மேலிருந்து கீழ்வரை A மட்டும்தான். நிறுவலை இதன் மேல் ஓட்டினால் eb = b வரை தடையில்லாமல் வந்துவிடும்; மூன்று உறுப்புகளுமே இடப்பக்கச் சமனிகள்! அடுத்த வரியில் (ce)b = cb என்பதிலிருந்து bஐ நீக்கப் போகும்போதுதான் வண்டி நிற்கும். வலப்பக்கச் சமனி ஒன்றுகூட இல்லை.

கடைசியாகச் சேர்ப்பு விதி. இதற்கான உதாரணம்தான் எல்லாவற்றிலும் அழகு என்பது என் எண்ணம். மறுபடி A, B, C. இரண்டும் ஒன்றானால் விடை அதுவே. இரண்டும் வேறானால் விடை மூன்றாவது.

```
 · | A  B  C
---+--------
 A | A  C  B
 B | C  B  A
 C | B  A  C
```

வரிசையிலும் நிரலிலும் இரட்டிப்பு இல்லை. போதாக்குறைக்குப் பரிமாற்று விதியும் இருக்கிறது. ஆனால் ae = a என்ற eஐத் தேடினால் Aக்கு A, Bக்கு B, Cக்கு C. ஆளுக்கொரு சமனி! மேலே "அவசரப்படக் கூடாது" என்றது இதற்காகத்தான். சேர்ப்பு விதி உடைவதையும் பார்த்துவிடலாம்: (AA)B = AB = C, ஆனால் A(AB) = AC = B.

வரிசையிலும் நிரலிலும் எதுவும் திரும்ப வராத இத்தகைய சதுரங்களுக்கு இலத்தீன் சதுரம் என்று பெயர். இலத்தீன் சதுரமாக இருந்தாலே குலத்தின் அட்டவணை என்று நினைத்துவிடக் கூடாது. மூன்று உறுப்புகளைக் கொண்டு 12 இலத்தீன் சதுரங்கள் போடலாம். அவற்றில் குல அட்டவணைகள் 3 மட்டுமே. ஐந்து உறுப்புகளுக்கு 1,61,280 சதுரங்கள். குல அட்டவணைகள் வெறும் 30. சேர்ப்பு விதி எவ்வளவு கறாரானது என்பதற்கு இந்த எண்களே சாட்சி. அதை அட்டவணையில் கண்ணால் பார்த்துச் சொல்லவும் முடியாது. n உறுப்புகள் என்றால் n³ மும்மைகளைச் சோதிக்க வேண்டும். நான்கு உறுப்புகளுக்கே 64. அதனால்தான் நடைமுறையில் சேர்ப்பு விதியை யாரும் அட்டவணையிலிருந்து எடுப்பதில்லை. எண்களின் பெருக்கல், சார்புகளின் சேர்க்கை, அணிப்பெருக்கல் என்று ஏற்கெனவே அது தெரிந்த ஓரிடத்திலிருந்து கொண்டுவருவார்கள்.

வரலாற்றில் இது தேற்றமாகப் பிறக்கவில்லை, வரையறையாகவே பிறந்தது. 1882இல் ஜெர்மன் கணிதவியலாளர் ஹைன்ரிக் வேபர் முடிவுறு குலத்தை வரையறுத்தபோது அடைவு, சேர்ப்பு விதி, இருபுற நீக்கல் ஆகியவற்றையே எழுதினார். சமனி, நேர்மாறு இரண்டும் அதிலிருந்து தாமே வந்தன. 1893இல் முடிவுறாக் குலங்களையும் அவர் உள்ளே கொண்டுவந்தபோது அந்த வரையறை போதவில்லை; ab = c என்பதில் எந்த இரண்டைக் கொடுத்தாலும் மூன்றாவது கிடைத்தாக வேண்டும் என்று கூடுதலாகக் கேட்க வேண்டியிருந்தது. முடிவுறு கணத்தில் எண்ணிப் பார்த்தே கிடைத்துவிடும் ஒன்றை, முடிவுறாக் கணத்தில் நிபந்தனையாகவே போட வேண்டியிருக்கிறது.

தேற்றம் கைக்கு உதவும் இடங்கள் இரண்டைச் சொல்லலாம். ஒரு குலத்துக்குள்ளே, வெற்றுக் கணம் அல்லாத ஒரு முடிவுறு உட்கணம் உட்குலமா என்று சோதிக்கும்போது, அது செயலியைப் பொறுத்து அடைவு பெற்றிருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். சேர்ப்பு விதியும் நீக்கல் விதியும் பெரிய குலத்திலிருந்து வந்துவிடும். மீதியைத் தேற்றம் பார்த்துக்கொள்ளும். உட்கணம் முடிவுறாததாக இருந்தால் இந்தக் குறுக்கு வழி செல்லாது: முழு எண்களின் கூட்டல் குலத்துக்குள் மிகை எண்கள் கூட்டலில் அடைவு பெற்றவைதான், ஆனால் உட்குலம் இல்லை.

இரண்டாவது, பகா எண்ணால் வகுத்த மீதிகள். 13ஐ எடுங்கள், 1 முதல் 12 வரையான மீதிகள் பெருக்கலில் குலமா? இரண்டு மீதிகளின் பெருக்கற்பலன் 13ஆல் வகுபடாது, ஆகவே அடைவு உண்டு. a(x − y) என்பது 13ஆல் வகுபட்டால், a வகுபடாததால் x − y வகுபட வேண்டும்; 1இலிருந்து 12க்குள் அது நடக்க ஒரே வழி x = y. நீக்கல் கிடைத்தது, குலமும் கிடைத்தது. 5க்கு நேர்மாறு வேண்டுமா? அடுக்குகளை எழுதுங்கள்: 5, 25இன் மீதி 12, 60இன் மீதி 8, 40இன் மீதி 1, அடுத்தது மறுபடி 5. தொடக்கத்துக்குத் திரும்பியது ஐந்தாவது அடுக்கில், ஆகவே d = 4, நேர்மாறு மூன்றாவது அடுக்கு, அதாவது 8. 5 × 8 = 40 = 3 × 13 + 1. 13க்குப் பதிலாக 12ஐப் போட்டால் அடைவிலேயே விழுந்துவிடும்: 3 × 4 = 12, மீதி 0, அது 1 முதல் 11 வரையான கணத்தில் இல்லை.